முப்பத்திரண்டு பேருக்கு மேல் போனால்: வாட்ஸ்அப், கூகுள் மீட், டெலிகிராம் ஓர் ஒப்பீடு

குலதெய்வக் கோயில் திருப்பணிக் கணக்கைப் பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இருபது பேர், சென்னையிலும் கோவையிலுமாகப் பன்னிரண்டு பேர், சிங்கப்பூரில் நான்கு பேர், துபாயில் இரண்டு பேர். மொத்தம் 38. எல்லோர் கையிலும் வாட்ஸ்அப் இருக்கிறது, குழுவும் ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே வீடியோ கால் போட்டுவிடலாம் என்பதுதான் முதலில் வரும் யோசனை. அது நடக்குமா, நடக்காவிட்டால் எங்கே போவது என்பதை இந்தக் கூட்டத்தையே வைத்துப் பார்ப்போம்.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ காலில் 32 பேர் வரை சேரலாம். 2018-இல் குழு வீடியோ கால் வந்தபோது நான்கு பேர்தான் பேச முடிந்தது. 2020 ஊரடங்கு நேரத்தில் அதை எட்டாக்கினார்கள், 2022 இறுதியில் 32 ஆனது. இதில் கூப்பிடுகிறவரும் அடக்கம் என்பதால் நீங்கள் கூட்ட முடிந்தது 31 பேரைத்தான். ஆனால் இந்த எண்ணிக்கை இணைப்புகளுக்குத்தான், முகங்களுக்கு இல்லை. ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே திண்ணையில் ஒரு போனை வைத்து உட்கார்ந்தால் அது ஒன்றுதான். நம் கணக்கில் ஊர்க்காரர்கள் இருபது பேரும் பன்னிரண்டு போனில் அடங்கிவிட்டால் மொத்தம் 30. வரம்புக்குள் வந்துவிட்டது.

ஆனால் துபாய் இடிக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், படம் அனுப்பலாம், கால் மட்டும் போகாது. இணையவழி அழைப்புகளுக்கு அங்கே அனுமதி பெற்ற செயலிகள்தான் ஓடும். வளைகுடாவில் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடுகளில் பலருக்கு இது தெரிந்த விஷயம், அதனால்தான் அங்கிருந்து போட்டிம் என்ற செயலியில் கூப்பிடுகிறார்கள். ஆகவே எண்ணிக்கையை எண்ணுவதற்கு முன்னால், எந்த நாட்டிலிருந்து யார் வருகிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். நான் பார்த்தவரை கூட்டம் கலைவதற்கு 32 என்ற வரம்பைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கிறது.

கூகுள் மீட்டில் இலவசக் கணக்கிலேயே 100 பேர் சேரலாம். ஆனால் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம்தான், முடியப்போகிறது என்று ஐந்து நிமிடம் முன்னதாகவே அறிவிப்பு வரும். முடிந்த பிறகு மறுபடி தொடங்கலாம். ஆனால் வயதானவர்களை இரண்டாம் முறை உள்ளே கொண்டுவருவது எவ்வளவு பாடு என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜூமின் இலவசக் கணக்கும் 100 பேருக்கு இடம் கொடுக்கிறது, நேரம் 40 நிமிடம்தான். கணக்கு வாசித்துக் கேள்வி கேட்டு முடிக்க 40 நிமிடம் போதவே போதாது.

டெலிகிராமில் இரண்டு வகை இருக்கிறது, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழுவுக்குள் தொடங்கும் வீடியோ சாட் ஒன்று. அதில் 30 பேர் கேமராவையோ திரையையோ காட்டலாம், ஆயிரம் பேர் வரை பார்க்கலாம் என்று 2021-இல் கொண்டுவந்தார்கள், பார்ப்பவர்களுக்கான அந்த வரம்பை அதே ஆண்டிலேயே எடுத்துவிட்டார்கள். இன்னொன்று 2025-இல் வந்த குழு அழைப்பு. அதில் 200 பேர் வரை சேரலாம், பேசுகிறவர்களைத் தவிர வேறு யாரும் கேட்க முடியாதபடி முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டது. சிலர் பேச, பலர் கேட்கும் கூட்டத்துக்கு வீடியோ சாட் மிகவும் பொருத்தமானது. பங்காளிகளில் எத்தனை பேர் டெலிகிராமில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஜிமெயில் கணக்கு இருப்பதால் மீட்டுக்குள் வர அவர்கள் புதிதாக எதுவும் பதிவு செய்ய வேண்டியதில்லை. டெலிகிராமுக்கு ஒவ்வொருவரும் செயலியை இறக்கி, எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு வர வேண்டும்.

அடுத்தது டேட்டா. நாளுக்கு 1.5 ஜிபி பிளானில் இருப்பவருக்கு ஒரு மணி நேரக் கூட்டம் தாங்குமா? சராசரியாக நொடிக்கு 1 மெகாபிட் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி ஆகும். வருவதும் போவதுமாகச் சேர்த்து நொடிக்கு ஒன்றரை மெகாபிட் என்றால் 675 எம்பி. நாளின் பங்கில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். காலையிலிருந்து ரீல்ஸ் பார்த்திருந்தால் கூட்டத்தின் நடுவில் தீர்ந்துவிடும். பங்கு தீர்ந்ததும் பெரும்பாலான பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதில் வீடியோ ஓடாது, குரலே தட்டுத்தடுமாறித்தான் வரும்.

உங்கள் போனில் உண்மையில் எவ்வளவு போகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் நான்கைந்து பேரோடு பத்து நிமிடம் வீடியோ கால் பேசிவிட்டு, Calls பக்கத்தில் அந்த அழைப்பின் விவரத்தைத் திறந்தால் பேசிய நேரத்தோடு செலவான டேட்டாவும் இருக்கும். அங்கே 80 எம்பி என்று காட்டினால் ஒரு மணி நேரத்துக்கு 480. அப்புறம் Settings, Storage and data போய் Use less data for calls என்பதை ஆன் செய்து, அதே ஆட்களோடு அதே பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். இரண்டு எண்ணையும் அருகருகே வைத்தால் அந்த அமைப்பு உங்களுக்கு எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பது கையில் இருக்கும். மீட்டின் மொபைல் செயலியில் இதற்கு இணையானது Limit data usage. டெலிகிராமில் Data and Storage பக்கத்தில் Use less data for calls உண்டு. எப்போதும், மொபைல் டேட்டாவில் மட்டும், ரோமிங்கில் மட்டும் என்று அங்கே பிரித்துத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் வைஃபையும் வெளியில் மொபைல் டேட்டாவும் பயன்படுத்துகிறவருக்கு இதுதான் சரியான ஏற்பாடு. வாட்ஸ்அப்பிலும் இப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தால் நன்றாக இருக்கும்.

இந்த அமைப்பை ஒருவர் ஆன் செய்தால் அது அவருடைய போனுக்கு மட்டும்தான். ஊரில் சிக்னல் குறைவான தம்பிக்காக நீங்கள் சென்னையில் ஆன் செய்வதில் பயனில்லை, அவர் போனில் அவரே செய்ய வேண்டும். இன்னொன்று, ஆண்ட்ராய்டின் Data Saver வேறு, இது வேறு. டேட்டா சேவர் பின்னணியில் இருக்கும் செயலிகளின் இணையத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதை ஆன் செய்துவிட்டு வாட்ஸ்அப்புக்கு விதிவிலக்கு கொடுக்காமல் விட்டால், கூப்பிடும்போது மணியே அடிக்காமல் போகலாம். "எனக்குக் காலே வரலையே" என்று சித்தப்பா சொன்னால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

டேட்டாவை எல்லாவற்றையும்விட அதிகமாக மிச்சப்படுத்துவது கேமராவை அணைப்பதுதான். குழு காலில் உங்கள் போன் தன் படத்தை சர்வருக்கு அனுப்புகிறது, சர்வர் மற்றவர்களின் படங்களை உங்களுக்குத் தள்ளுகிறது. அனுப்புவது ஒரு படம், வருவதோ பல. அதனால் உங்கள் கேமராவை மட்டும் அணைத்தால் உங்களுக்குக் கொஞ்சம்தான் குறையும். பேசுகிறவரைத் தவிர எல்லோரும் அணைத்தால்தான் எல்லோருக்கும் நிறையக் குறையும். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் முகம் பார்த்துக் குசலம் விசாரித்துவிட்டு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முகம் பார்ப்பதற்கென்றே பலர் வந்திருப்பார்கள், அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காமல் விடக் கூடாது.

படம் நின்றுபோகும்போது யார் பக்கம் கோளாறு என்பதையும் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒருவர் படம் எல்லோர் திரையிலும் உறைந்து நிற்கிறது, அவருக்கோ மற்றவர்கள் தெளிவாகத் தெரிகிறார்கள் என்றால் அவர் போனிலிருந்து மேலே போகும் வழி அடைபட்டிருக்கிறது. அவர் கேமராவை அணைத்தாலே குரல் சீராகிவிடும். ஒருவருக்கு மட்டும் எல்லோரும் மங்கலாகத் தெரிந்தால் அவருக்குக் கீழே வரும் வேகம் போதவில்லை. அவர் ஜன்னல் பக்கமோ மொட்டை மாடிக்கோ போனால் தேறலாம். எல்லோருக்கும் ஒருவர் பேச்சே எதிரொலித்தால் அது நெட்வொர்க் இல்லை. ஒரே அறையில் இரண்டு போன் ஸ்பீக்கரில் இருக்கிறது.

இனி, கணக்கைத் திரையில் காட்டுவது. வாட்ஸ்அப்பில் இந்த வசதி ஆகஸ்ட் 2023-இல் வந்தது. 2024-இல் திரையோடு சேர்த்து ஒலியையும் பகிர முடிந்தது. மீட்டிலும் டெலிகிராமிலும் போனிலிருந்தே திரையைப் பகிரலாம். வசதி மூன்றிலும் இருக்கிறது, சிக்கலும் மூன்றுக்கும் ஒன்றுதான்: எழுத்து வாசிக்கும்படி இருக்காது. பத்து பத்தி உள்ள எக்செல் கணக்கை அப்படியே காட்டினால், ஆறு அங்குலத் திரையில் பார்க்கிறவருக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். வேகமாக மேலும் கீழும் நகர்த்தினால் எழுத்து கலங்கும், நகர்த்துவதை நிறுத்திய ஒன்றிரண்டு நொடியில் தெளியும். படம் மாறும்போது அனுப்ப வேண்டிய தகவல் கூடுவதே காரணம், குறைந்த டேட்டா அமைப்பு ஆனில் இருந்தால் இன்னும் மோசமாகும். எனவே திரையைப் பகிரும் ஒருவர் மட்டும் அந்த அமைப்பை அணைத்துவிட்டு, முடிந்தால் வைஃபையில் இருக்க வேண்டும். கணக்கைத் தேதி, விவரம், வரவு, செலவு என்று நான்கு பத்தியாகக் குறைத்து, ஒரு திரைக்கு எட்டு வரிக்கு மேல் போகாமல் பெரிதாக்கி, ஒரு பக்கம் வாசித்து முடித்த பிறகே அடுத்ததற்கு நகர வேண்டும். அதோடு அந்தக் கணக்கின் பிடிஎப்பை முந்தைய நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். சிமெண்ட் மூட்டைக் கணக்கில் சந்தேகம் உள்ளவர் அதைப் பார்த்துவிட்டே வருவார்.

திரையைப் பகிரும்போது போனில் தெரிவதெல்லாம் போகும். நடுவில் வரும் வங்கிக் குறுஞ்செய்தியும் போகும். தொடங்கும் முன் Do Not Disturb-ஐ ஆன் செய்வது கட்டாயம். ஆண்ட்ராய்டு 14 முதல் பல போன்களில் முழுத் திரைக்குப் பதிலாக ஒரு செயலியை மட்டும் பகிரும் வாய்ப்பு கேட்கும், இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வங்கி இருப்பை நேரடியாகக் காட்டலாம் என்று வங்கிச் செயலியைத் திறந்தால் பல நேரம் எதிரில் கறுப்பாகத்தான் தெரியும். அது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காக அந்தச் செயலியே படம் பிடிப்பதைத் தடுக்கிறது. வங்கி அறிக்கையைப் பிடிஎப்பாக இறக்கிக் காட்டுங்கள்.

நம் 38 பேர் கூட்டத்துக்கு என் தேர்வு கூகுள் மீட். துபாயிலும் மீட்டுக்குத் தடை இல்லை, இருந்தாலும் அங்கிருக்கும் இருவரை முந்தைய நாளே ஐந்து நிமிடம் உள்ளே வந்து பார்க்கச் சொல்லிவிட வேண்டும். இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஒரு மணி நேரத்தில் முதல் 35 நிமிடத்தைக் கணக்குக்கும் மிச்சத்தைக் கேள்விக்கும் ஒதுக்கலாம். துபாய்க்காரர்கள் இல்லாமல் முப்பது இணைப்புக்குள் அடங்கிவிட்டால் வாட்ஸ்அப்பை விட்டு நகரவே மாட்டேன். நேர வரம்பு இல்லை, யாரும் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை, பேச்சும் முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டது. வருஷா வருஷம் திருவிழாவை நூறு பேருக்கு மேல் பார்க்க வேண்டும் என்றால் டெலிகிராம் குழு ஒன்றைத் தனியாக வளர்ப்பது நல்லது.

வயதானவர்களிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வீடியோ காலில் வந்து, வங்கி அதிகாரி என்றோ போலீஸ் என்றோ சொல்லி "ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க" என்று கேட்டால் அது மோசடிதான். ஓடிபி திரையில் வந்த கணமே அவன் பார்த்துவிடுவான். தெரியாதவருக்குத் திரையைப் பகிரப் போனால் எச்சரிக்கை காட்டும் ஏற்பாட்டை வாட்ஸ்அப் 2025 அக்டோபரில் அறிவித்தது. அந்த எச்சரிக்கை வந்தால் வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம், காலைத் துண்டித்துவிட்டு வீட்டில் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள்.