ரீஆர்டர் லெவலில் தானாக உருவாகும் பர்ச்சேஸ் ஆர்டர்: இரண்டரை வருடம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் கிடங்கில் ஸ்டாக் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் பர்ச்சேஸ் ஆர்டர் தானாக உருவாகும்படி அமைத்து இரண்டரை வருடம் ஆகிறது. இயந்திர உதிரிபாகங்கள் விற்கிறோம். மொத்தம் சுமார் 1,100 ஐட்டம், அதில் 400 சொச்சம்தான் இந்த முறையில் ஓடுகிறது. ஆரம்பித்த புதிதில் யாராவது கேட்டிருந்தால் சாஃப்ட்வேரைப் பற்றித்தான் பேசியிருப்பேன். இப்போது கேட்டால், ஆர்டர் போட்டுச் சரக்கு வர எத்தனை நாள் என்று குறிக்க லீட் டைம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, ஐட்டம் மாஸ்டரில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டு மறந்துவிடுவோமே, அதைப் பற்றித்தான் பேசுவேன்.

முதலில் நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் இடறுவார்கள். தினமும் இரவு ஒரு முறை ஸ்கிரிப்ட் ஓடும். கையிருப்பு ரீஆர்டர் லெவலுக்குக் கீழே இருந்தால் ஆர்டர் போடும், அவ்வளவுதான் விதி. 6204 பேரிங்குக்கு லெவல் 84. ஒரு இரவு கையிருப்பு 82 ஆனது, 250-க்கு ஆர்டர் உருவானது. மறுநாள் இரவும் சரக்கு வந்திருக்காது அல்லவா, கையிருப்பு இன்னும் 84-க்குக் கீழேதான், மறுபடி 250. மூன்றாம் இரவும் அதே கதை. ஒப்புதல் கொடுப்பவர் மூன்று நாள் கழித்து வந்து பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனியாக நியாயமாகத்தான் தெரியும். மூன்றுக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். நாளுக்கு 12 விற்கிற பேரிங் 750 வந்து இறங்கியது, இரண்டு மாதச் சரக்கு.

ஒப்பிட வேண்டியது கையிருப்பை அல்ல. கையிருப்போடு வரவேண்டிய சரக்கைக் கூட்டி, வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே ஒதுக்கியதைக் கழித்தால் வருகிற எண்ணை.

```sql
SELECT item_code
FROM stock
WHERE on_hand + on_order - reserved <= reorder_level;
```

இதைத் திருத்திய பிறகும் இரண்டு முறை இரட்டை ஆர்டர் விழுந்தது. தேடிப் பார்த்தால், `on_order`-இல் ஒப்புதல் ஆன ஆர்டர்களை மட்டும் கூட்டியிருந்தோம், டிராஃப்டில் இருப்பதைச் சேர்க்கவில்லை. ஒப்புதல் ஒரு நாள் தாமதமானாலே அடுத்த இரவு ஸ்கிரிப்ட் இன்னொன்றை உருவாக்கிவிடும். டிராஃப்டையும் சேர்த்துக் கூட்டிய பிறகு அந்தப் பிரச்சினை திரும்ப வரவில்லை.

சரி, லீட் டைமுக்கு வருகிறேன். அந்த 84 எங்கிருந்து வந்தது? சப்ளையர் ஏழு நாள் என்று சொன்னார், நாளுக்குச் சராசரி 12, பெருக்கினால் 84. அதன்படி 84-இல் ஆர்டர் போட்டால் சரக்கு தீரும் நாளில் புதுச் சரக்கு வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள், நான்கு நாள் என்று காலியாகவே கிடந்தது. சப்ளையரிடம் சண்டை போடுகிற மனநிலையில்தான் போன் செய்தேன். அங்கே டெஸ்பாட்ச் பார்ப்பவர் பொறுமையாகச் சொன்னார், "ஏழு நாள்னு சொன்னது எங்க கேட்டைத் தாண்டுற வரைக்கும் சார், அதுவும் வேலை நாள் கணக்கு." அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அந்த ஏழு நாளை எங்கள் ஷெல்ஃபில் சரக்கு ஏறுகிற வரைக்குமான ஏழாக எடுத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் லீட் டைமை யாரிடமும் கேட்பதில்லை, எங்கள் பதிவிலிருந்தே எடுக்கிறோம். கடிகாரம் ஓடத் தொடங்குவது ஸ்டாக் ரீஆர்டர் லெவலைத் தொட்ட நேரத்தில், நிற்பது அந்தச் சரக்கை விற்பனைக்கு எடுக்க முடிகிற நேரத்தில். அந்த பேரிங்குக்குக் கடைசி 16 வரவுகளை எடுத்துப் பார்த்தேன். சராசரி 10 நாள், மிகக் குறைந்தது 7, மிக அதிகம் 17. பத்து நாள் எங்கே போகிறது என்று பிரித்தால், இரவு ஓட்டத்துக்குக் காத்திருப்பதும் ஒப்புதலும் சேர்ந்து ஒரு நாள், சப்ளையர் தயார் செய்து அனுப்ப ஏறக்குறைய ஏழு, வண்டியில் ஒன்று, வந்த பிறகு எண்ணிச் சரிபார்த்து ரேக்கில் ஏற்றி என்ட்ரி போட இன்னொன்று. பத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்குள்ளேயே போயிருக்கிறது! ஒரு ஆர்டர் இரண்டு தவணையாக வந்தால் எந்தத் தேதியை எடுப்பது என்று குழப்பம் வரும். பெரும்பகுதி வந்த நாளை எடுத்தோம், முதலில் வந்த பத்துப் பெட்டியின் தேதியை எடுத்தால் லீட் டைம் பொய்யாகக் குறைந்து தெரியும்.

சராசரி பத்து என்பதால் 120 போட்டால் போதுமா என்றால், போதாது. சராசரி என்றாலே ஏறக்குறைய பாதித் தடவை அதைவிடத் தாமதமாகத்தான் வரும். அந்த ஏற்ற இறக்கத்துக்காகச் சேர்த்து வைப்பதுதான் சேஃப்டி ஸ்டாக். நாங்கள் பயன்படுத்துகிற கணக்கு வழக்கமானதுதான்:

```
ROP = d × L + z × √(L × σd² + d² × σL²)
```

`ROP` என்பது ரீஆர்டர் லெவல், `d` ஒரு நாள் விற்பனை, `L` லீட் டைம், இரண்டு சிக்மாவும் அவை எவ்வளவு ஆடுகின்றன என்பதன் அளவு. எங்கள் பேரிங்குக்கு விற்பனை 12, அதன் ஆட்டம் 4, லீட் டைம் 10, அதன் ஆட்டம் 3 நாள். வர்க்கமூலத்துக்குள் இருப்பதை மட்டும் பாருங்கள். விற்பனை ஆடுவதால் வருவது 10 × 16, அதாவது 160. லீட் டைம் ஆடுவதால் வருவது 144 × 9, அதாவது 1,296. நாங்கள் மாதக்கணக்கில் விற்பனையைத் துல்லியமாகக் கணிக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம், பாரம் முழுக்க இன்னொரு பக்கம் இருந்திருக்கிறது. மொத்தம் 1,456, மூலம் 38 சொச்சம், `z`-க்கு நாங்கள் போடும் 1.65-ஆல் பெருக்கினால் 63. அந்த 120-ஓடு கூட்டினால் ரீஆர்டர் லெவல் 183. முன்பு 84 வைத்திருந்த இடத்தில்.

அந்த 1.65 என்பது 95 சதவீதத்துக்கான எண். அதைப் பலர் 95 சதவீத வாடிக்கையாளருக்குச் சரக்கு கிடைக்கும் என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை, நூறு முறை ஆர்டர் போட்டால் தொண்ணூற்றைந்து முறை அடுத்த சரக்கு வரும் வரை காலியாகாது என்றுதான் பொருள். அப்புறம் இந்தக் கணக்கு தாமதமும் முன்கூட்டி வருவதும் இரு பக்கமும் சமமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் சரக்கு மூன்று நாள் முன்னால் வருவது அபூர்வம், ஏழு நாள் பின்னால் வருவது அவ்வளவு அபூர்வம் இல்லை. அந்த 17 நாள் வரவையே எடுத்துக்கொள்ளுங்கள், 17 × 12 என்றால் 204, லெவல் 183-ஆக இருந்திருந்தாலும் காலியாகியிருக்கும். அதனால் ஒரே சப்ளையரை நம்பியிருக்கிற, இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் இயந்திரமே நின்றுபோகிற சில ஐட்டங்களுக்குக் கணக்கை விட்டுவிட்டு, பதிவில் உள்ள மிக மோசமான லீட் டைமையே போட்டிருக்கிறோம்.

இதெல்லாம் சரியான பிறகு, ஆர்டரே விழாமல் ஒரு ஐட்டம் காலியானது. கையிருப்பு பூஜ்யம், ரீஆர்டர் லெவல் 40, ஆனாலும் ஸ்கிரிப்ட் அமைதியாக இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முந்தைய ஆர்டர் ஒன்றில் 200 கேட்டு 150 வந்திருந்தது, மீதி 50-ஐ சப்ளையர் வேண்டாமென்று விட்டுவிட்டார், நாங்கள் ஆர்டரை மூடவில்லை. கணினியைப் பொறுத்தவரை அந்த 50 இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. கையிருப்பு பூஜ்யம் ஆனாலும் மொத்தம் 50, நாற்பதுக்கு மேல், எனவே ஆர்டர் தேவையில்லை. கணக்குப்படி அது செய்தது சரிதான், நாங்கள் கொடுத்த தகவல்தான் தவறு. இப்போது வாரம் ஒரு முறை எதிர்பார்த்த தேதி தாண்டிய ஆர்டர் வரிகளைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புதுத் தேதி வாங்குகிறோம் அல்லது மூடுகிறோம். என்னைக் கேட்டால் தானியங்கி ஆர்டரை ஆரம்பிக்கும் முன்பே இந்தப் பட்டியலைச் சுத்தம் செய்யாமல் இறங்கக் கூடாது.

இன்னொன்று மெதுவாகக் கொல்லும். சரக்கு காலியாகக் கிடந்த நாட்களில் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விற்பனை குறைந்ததாகத் தெரியும், லெவல் குறையும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் காலியாகும். கையிருப்பு இருந்த நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி போடுங்கள்.

நீண்ட லீட் டைம் ஐட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கிடங்கில் இருப்பவர்கள் இதைப் பார்த்து அடிக்கடி பதறுகிறார்கள். 45 நாள் லீட் டைம், நாளுக்கு 12 என்றால் சேஃப்டி ஸ்டாக் இல்லாமலே லெவல் 540. ஒரு ஆர்டர் 250 தான். அப்படியானால் எந்த நேரமும் இரண்டு அல்லது மூன்று ஆர்டர் வழியில் இருக்கும், ரேக்கில் 540 ஒருநாளும் இருக்காது. "லெவலுக்குக் கீழேயே கிடக்குதே, சிஸ்டம் தூங்குதா?" என்று கேட்டு வருவார்கள். ரிப்போர்ட்டில் கையிருப்பை மட்டும் காட்டாமல் வரவேண்டியதையும் பக்கத்தில் காட்டிய பிறகு அந்தக் கேள்வி குறைந்தது.

இப்போது அந்த பேரிங் எங்கே நிற்கிறது என்றால், சிறிய தொகை ஆர்டர்களுக்குத் தானாகவே ஒப்புதல் என்று மாற்றியதில் ஒரு நாள் மிச்சம், லீட் டைம் 9. சப்ளையருக்கு அடுத்த இரண்டு மாதத்துக்கு உத்தேசமாக எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே அனுப்பத் தொடங்கினோம். அவர் சரக்கை எடுத்து வைக்க ஆரம்பித்ததும் ஆட்டம் மூன்று நாளிலிருந்து ஒன்றரை நாளாக இறங்கியது. அதே கணக்கில் சேஃப்டி ஸ்டாக் 36, லெவல் 144. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதை மறுபடி போடுகிறோம், பழைய எண்ணிலிருந்து கால்வாசிக்கு மேல் மாறினால் மட்டும் ஒருவர் உட்கார்ந்து பார்த்து ஏற்றுக்கொள்கிறார்.

மீதி 700 ஐட்டம் இன்னும் கையால்தான். வருடத்துக்கு நான்கு முறை விற்கிறவை, போன மாதம் புதிதாகச் சேர்த்தவை, சீசனுக்கு மட்டும் ஓடுகிறவை. இவற்றுக்குச் சராசரி என்று ஒன்றே கிடையாது. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, சரக்கு தேங்கியதும் நிறுத்திவிட்டோம்.