200-ஆம் நாள் எந்தத் தேதி? எக்செல் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம்

2024 ஜூலை 18 அந்த ஆண்டின் 200-ஆம் நாள். ஜூன் முடிய 182, அதோடு 18. லீப் ஆண்டல்லாத 2023-இல் அதே 200 ஜூலை 19-இல் விழும். அதனால் 59-ஐத் தாண்டிய நாள் எண்ணை, ஆண்டு தெரியாமல் தேதியாக்கவே முடியாது.

எக்செலில்:

```
=A1-DATE(YEAR(A1),1,0)
=DATE(2024,1,200)
```

முதல் வரியில் உள்ள 0 முந்தைய டிசம்பர் 31-ஐக் குறிக்கிறது. விடை 1900-ஆம் ஆண்டுத் தேதியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், செல்லின் வடிவத்தை எண்ணாக மாற்றினால் போதும். நாள் எண்ணிலிருந்து தேதிக்குத் திரும்பி வரும் வழி இங்கேதான் எளிது: 200-ஐ அப்படியே கொடுக்கலாம்.

லினக்ஸில் ஒன்றைக் கழிக்க வேண்டும், ஜனவரி 1 ஏற்கெனவே முதல் நாள் என்பதால்:

```
date -d 2024-07-18 +%j
date -d "2024-01-01 +199 days" +%F
```

`%j` எப்போதும் மூன்று இலக்கம் தரும். 2024 மார்ச் 29 வந்தால் `089`. அதை பாஷ் கணக்கில் போட்டால் எட்டடிமான எண் என்று நினைத்துப் பிழை காட்டும். `045` இன்னும் மோசம், சத்தமில்லாமல் 37 ஆகிவிடும். `%-j` எழுதினால் சரி.

நூற்றுக்கணக்கான கோப்புகள் என்றால் லினக்ஸ், மற்றபடி என் ஓட்டு எக்செலுக்கு. ஆனால் 2023-க்கு 366 கொடுத்துப் பாருங்கள்: இரண்டுமே முணுமுணுக்காமல் 2024 ஜனவரி 1-ஐ நீட்டும். வந்த தேதியின் ஆண்டு மாறியிருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.