மின்தடை நாளில் துணி துவைப்பு: முந்தின இரவா, அன்று காலையா?

பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் 2 வரை. குழாய்த் தண்ணீர் 6 முதல் 7 வரை தரைத்தொட்டிக்கு வரும். மாடியில் 500 லிட்டர் டேங்க், வீட்டில் மேல்மூடி வாஷிங் மெஷின் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர்
இரவு: ஒரு நடைக்குச் சுமார் 100 லிட்டர் போகும். இரண்டு நடை போட்டாலும் 300 மிஞ்சும். காலையில் மோட்டார் போட்டு டேங்கை நிரப்பிவிடலாம்.
காலை: தண்ணீர் தாராளம். ஆனால் துவைத்து முடித்ததும் மறுபடி மோட்டார் போட வேண்டும். அதை மறந்தால் 2 மணி வரை அரை டேங்க்தான்.

நேரம்
இரவு: அவசரமில்லை.
காலை: ஒரு நடைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். தெருவே மோட்டார் போடும் வேளையில் வோல்டேஜ் இறங்கி மெஷின் நின்றுவிடலாம். 8 மணிக்கு மேல் புது நடை வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் சோப்புத் தண்ணீரோடு துணி ஊறிக் கிடக்கும்.

உலர்த்தல்
இரவு: பிழிந்ததும் கொடியில் போடாமல் மெஷினுக்குள்ளேயே விட்டால் விடிவதற்குள் வாடை வரும்.
காலை: நேராக வெயிலுக்குப் போகும்.

பெட்ஷீட், ஜீன்ஸ் போன்ற கனமான துணி நிறைய இருந்தால் இரவுதான் சரி. ஒரே நடை என்றால் 6.30-க்குத் தொடங்குங்கள். இட்லி மாவுக்கு மட்டும் இரண்டு யோசனையே வேண்டாம், முந்தின மாலையே அரைத்துவிடுங்கள். ஊறிய அரிசி 2 மணி வரை காத்திருந்தால் புளிப்பு வாடை தட்டும்.