எந்தத் திருத்தம் கெடுத்தது? ப்ராம்ப்ட் பதிப்புகளுக்குக் கிட் கோப்புகளா, பதிவகமா: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒரு குழு தன் மொழி மாதிரிக்கு எழுதும் ப்ராம்ப்டை, அதாவது அறிவுறுத்தல் உரையை, மாதக்கணக்கில் பலர் கைவைத்துத் திருத்துகிறார்கள். ஒருவர் தொனியை மென்மையாக்குகிறார், இன்னொருவர் விதிவிலக்கு ஒன்றைச் சேர்க்கிறார், மூன்றாமவர் பதிலின் நீளத்தைக் குறைக்கிறார். ஒரு நாள் பதில்கள் சரியில்லை என்று புகார் வருகிறது. அப்போது பழைய பதிப்புகள் எங்கேயோ இருந்தால் மட்டும் போதாது. அவற்றில் எது, எந்த நேரத்தில், எந்தப் பதிலை உண்டாக்கியது என்று சொல்லவும், கெடுத்த திருத்தத்தைச் சோதனையால் தனித்துக் காட்டவும் முடிய வேண்டும். இந்த ஒரு வேலைக்கு எது உதவும் என்ற அளவுகோலை மட்டும் கொண்டு, இன்று புழக்கத்தில் உள்ள வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

பகிர்வு ஆவணத்திலோ விரிதாளிலோ ப்ராம்ப்டை வைத்திருக்கும் வழியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கூகுள் டாக்ஸுக்குத் திருத்த வரலாறு உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஆவணத்தில் இருக்கும் உரையை ஒருவர் கையால் நகலெடுத்து நிரலில் ஒட்டுகிறார். அந்த இடைவெளியில் ஒரு வரி விடுபட்டாலும் ஆவணம் அதைக் காட்டாது. எழுதப்பட்டதன் வரலாறு அது. ஓடியதன் வரலாறு அல்ல. ஆகவே உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான்: நிரலோடு சேர்த்து, கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியில் உரைக்கோப்பாக வைப்பது ஒன்று, லாங்ஃபியூஸ், எம்எல்ஃப்ளோ போன்ற கருவிகள் தரும் ப்ராம்ப்ட் பதிவகத்தில் வைத்து, நிரல் ஓடும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்வது மற்றொன்று.

கிட்: தேடுவதில் வலிமை

கிட்டின் பெரிய பலம் `git bisect` என்ற கட்டளை. நல்ல பதிப்பு ஒன்றும் கெட்ட பதிப்பு ஒன்றும் தெரிந்தால், இடைப்பட்டவற்றைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, முதலில் கெட்ட கமிட்டை, அதாவது பதிவான திருத்தத்தை, அது காட்டிவிடும். ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். பணத்தைத் திரும்பக் கேட்கும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் ஒரு சேவையை எண்ணிக்கொள்ளுங்கள். ஆர்டர் எண் தரப்படாவிட்டால் முதலில் அதைக் கேட்க வேண்டும் என்பது விதி. 12ஆம் பதிப்பில் இந்த விதி 10 விழுக்காடு அளவுக்கு மீறப்பட்டது. இன்றைய 28ஆம் பதிப்பில் 45 விழுக்காடு மீறப்படுகிறது. இடையில் 16 திருத்தங்கள் உள்ளன. நான்கு படிகளில் குற்றவாளியை அடையலாம்.

```
git bisect start HEAD prompt-12 -- prompts/
git bisect run /opt/eval/check.sh
```

சாதாரண நிரல் பிழையிலிருந்து ப்ராம்ப்ட் பிழை விலகும் இடம் இதுதான். நிரல் பிழை பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் தோற்கும். ப்ராம்ப்ட் பிழை சில முறை மட்டும் தோற்கும். பதிலின் தற்செயல் அளவைக் கட்டுப்படுத்தும் வெப்பநிலை என்ற அமைப்பை 0 என்று வைத்தாலும் பதில்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வரும் என்ற உறுதி இல்லை. 45 விழுக்காடு தவறும் பதிப்பை ஒரே முறை ஓட்டிப் பார்த்தால், அது நல்லது என்று தவறாக முடிவுகட்ட 55 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பைசெக்ட் ஒரு படியில் ஏமாந்தால் அடுத்த படிகள் எல்லாம் தவறான பாதியில்தான் தேடும். எனவே ஒவ்வொரு பதிப்பையும் 20 முறை ஓட்டி, 5 அல்லது அதற்கு மேல் தவறினால் கெட்டது என்று வைக்கலாம்:

```
#!/bin/sh
python3 /opt/eval/run.py --n 20 > /tmp/fails.txt || exit 125
test "$(cat /tmp/fails.txt)" -lt 5
```

இந்த எல்லைக்கோட்டில், நல்ல பதிப்பைக் கெட்டது என்று சொல்லும் வாய்ப்பு சுமார் 4 விழுக்காடு. கெட்டதை நல்லது என்று விட்டுவிடும் வாய்ப்பு சுமார் 2 விழுக்காடு. நான்கு படிகளுக்கு 80 அழைப்புகள் செலவாகும். முடிவில் கிடைத்த கமிட்டையும் அதற்கு முந்தையதையும் தலா நூறு முறை ஓட்டி உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. சேவை இடைநின்றாலோ அழைப்பு வரம்பு மீறப்பட்டாலோ 125 என்ற எண்ணோடு வெளியேற வேண்டும். இந்தப் பதிப்பைத் தாண்டிச் செல் என்று பைசெக்ட் அதைப் புரிந்துகொள்ளும். சோதனைக் கோப்பைக் களஞ்சியத்துக்கு வெளியே வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. உள்ளே வைத்தால், பழைய கமிட்டுக்குப் போகும்போது சோதனையும் பழையதாகிவிடும். நிரலும் அப்படியே பழையதாகும் என்பதால், ப்ராம்ப்ட் கோப்பை மட்டும் அந்தக் கமிட்டிலிருந்து எடுத்து இன்றைய நிரலோடு ஓட்டும்படி சோதனையை எழுத வேண்டும். இல்லாவிட்டால் நிரலின் குற்றம் ப்ராம்ப்டின் தலையில் விழும்.

இந்த எடுத்துக்காட்டில், "பதில் மூன்று வாக்கியங்களுக்குள் இருக்கட்டும்" என்று சேர்த்த 21ஆம் பதிப்பில் தேடல் நிற்கிறது என்று கொள்வோம். இடம் குறைந்ததால் மாதிரி ஆர்டர் எண்ணைக் கேட்காமல் நேராகக் கொள்கையைச் சொல்லிவிடுகிறது என்று நமக்கு ஒரு விளக்கமும் தோன்றும். ஆயினும் அந்த வரியை 28ஆம் பதிப்பிலிருந்து மட்டும் நீக்கி மறுபடி ஓட்டிப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. பழுது சரியாகாவிட்டால், பின்னால் வந்த வேறொரு திருத்தமும் அதே தீங்கைச் செய்கிறது என்று பொருள். பைசெக்ட் முதல் திருப்பத்தைத்தான் காட்டும். இரு திருத்தங்கள் சேர்ந்து செய்யும் கேட்டை இந்த நீக்கல் சோதனைதான் காட்டும்.

கிட்டின் பலம் குழுவின் எழுத்துப் பழக்கத்தைப் பொறுத்தது. ஐந்து மாற்றங்களை ஒரே கமிட்டாகச் சேர்த்துவிட்டால் பைசெக்ட் அந்த மூட்டையைக் காட்டுமே தவிர, அதற்குள் இருக்கும் வாக்கியத்தைக் காட்டாது. ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று எழுதினால் இரு பதிப்புகளின் வேறுபாடு படிக்கத் தெளிவாக இருக்கும். தமிழில் ப்ராம்ப்ட் எழுதுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கொ" என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறொரு செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரி, ஒன்றும் மாறாதது போலத் தோன்றினாலும், மாறியதாகக் கிட் காட்டுவது இதனால்தான். மாதிரிக்குள் போகும் டோக்கன்கள் என்ற உரைத்துண்டுகளும் அப்போது மாறக்கூடும். கமிட்டுக்கு முன் உரையை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரலை வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

பதிவகம்: ஓடியதை அறிவதில் வலிமை

கிட் எளிதில் சொல்ல முடியாத ஒன்றைப் பதிவகம் சொல்கிறது: இந்தக் குறிப்பிட்ட வாடிக்கையாளருக்குப் போன இந்தப் பதில் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது? லாங்ஃபியூஸில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பதிப்பெண் கிடைக்கிறது. `production` என்ற அடையாளச் சீட்டு எந்தப் பதிப்பின்மேல் இருக்கிறதோ, அதையே நிரல் எடுத்துக்கொள்கிறது. எடுத்த ப்ராம்ப்டை அழைப்புப் பதிவோடு இணைத்துவிட்டால், புகார் வந்த பதிலைத் திறந்ததும் பதிப்பெண் கண்முன் நிற்கும். பழைய பதிப்புக்குத் திரும்ப, சீட்டை நகர்த்தினால் போதும். நிரலை மறுபடி வெளியிட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் சேவையில் பல ஆண்டு பழகியவர் நிரல் தெரியாமலேயே திருத்தலாம் என்பதும் சிறிய நன்மை அல்ல. விதிகளை நன்றாக அறிந்தவர் பெரும்பாலும் அவர்தான்.

இதன் குறைகள் அந்த வசதியிலிருந்தே பிறக்கின்றன. பதிப்பெண் என்பது உருவான வரிசை; பயன்பாட்டுக்கு வந்த வரிசை அல்ல. சீட்டு 15இலிருந்து 17க்குப் போய், 16க்குத் திரும்பி, பின் 18க்குப் போயிருக்கலாம். சீட்டை யார், எப்போது நகர்த்தினார் என்ற பதிவு தனியாக இல்லாவிட்டால், செவ்வாய் மாலை எது ஓடியது என்று பதிப்புப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. தவிர, லாங்ஃபியூஸின் நிரலகம் எடுத்த ப்ராம்ப்டை இயல்பாக 60 வினாடிகள் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. சீட்டை நகர்த்திய உடனே சில சர்வர்கள் பழையதையும் சில புதியதையும் ஓட்டும் ஒரு நிமிடம் உண்டு. எனவே அழைப்புப் பதிவில் சீட்டின் பெயரை அல்ல, பதிப்பெண்ணை எழுத வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ப்ராம்ப்டும் நிரலும் பிரிந்துபோவது. பதிவகத்தில் ஒருவர் `amount` என்ற புலத்தை `refund_amount` என்று மாற்றினால், பதிலைப் பிரித்துப் படிக்கும் நிரல் அதை அறியாது. கிட்டில் இரண்டும் ஒரே கமிட்டில் சேர்ந்து போயிருக்கும்.

இரண்டும் தவறவிடும் இடம்

2025இல் எக்ஸ்ஏஐ நிறுவனத்தின் க்ரோக் என்ற உரையாடல் செயலி குறைந்தது இருமுறை இந்தச் சிக்கலைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. மே மாதத்தில் அதன் ப்ராம்ப்ட் அனுமதியின்றி மாற்றப்பட்டது என்றும், அதற்கு மறுபார்வை நடைமுறை சுற்றிக் கடக்கப்பட்டது என்றும் நிறுவனம் விளக்கியது. அதன்பின் ப்ராம்ப்டுகளைக் கிட்ஹப்பில் வெளியிடத் தொடங்கியது. ஜூலையில் வெறுப்புப் பேச்சு வெளிப்பட்டபோது, மாதிரி காரணமல்ல என்றும், க்ரோக்குக்கு முன்னால் இயங்கும் நிரல்பாதையில் செய்த மாற்றம் சுமார் 16 மணி நேரம் செயலில் இருந்தது என்றும் அது சொன்னது. குற்றமான வரிகளை, நீக்கி நீக்கிப் பார்க்கும் சோதனைகளால்தான் கண்டுபிடித்தார்கள். கோப்பில் இருக்கும் ப்ராம்ப்ட் வேறாகவும், நிரல் கோத்து அனுப்பும் ப்ராம்ப்ட் வேறாகவும் இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், கோத்து முடித்த ப்ராம்ப்டின் நிலையான பகுதிக்கான ஹாஷ் என்ற அடையாளக் குறி, மாதிரியின் முழுப்பெயர், வெப்பநிலை ஆகியவை ஒவ்வோர் அழைப்பின் பதிவிலும் இருக்க வேண்டும். `gpt-4o` என்ற பொதுப்பெயர் காலப்போக்கில் வேறு வெளியீட்டைச் சுட்டக்கூடும். `gpt-4o-2024-08-06` என்பது குறிப்பிட்ட ஒன்றையே சுட்டும். விசாரணையின் முதல் படியும் இதிலிருந்து வருகிறது: நன்றாக ஓடிய பழைய பதிப்பை இன்று மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதுவும் தவறினால் ப்ராம்ப்ட் திருத்தங்களில் தேடுவது வீண்வேலை. மாறியது மாதிரியோ, தேடி எடுத்து மாதிரிக்குத் தரும் ஆவணங்களோ, நிரலோ ஆகும்.

மாற்றக் குறிப்பேடும் இரு வழிகளுக்கும் பொது. "தொனி மேம்படுத்தப்பட்டது" என்ற குறிப்பால் பயனில்லை. என்ன மாறியது என்பதை வேறுபாடே காட்டிவிடும். ஏன் மாற்றினோம், எந்த உரையாடல் தூண்டியது, என்ன கெடலாம் என்று அஞ்சினோம் என்பதைத்தான் குறிப்பேடு சொல்ல வேண்டும்:

```
v21: பதில் 3 வாக்கியங்களுக்குள்.
காரணம்: கைபேசியில் பதில் நீளம் என்ற புகார்.
எதிர்பார்ப்பு: நீளம் குறையும்; ஆர்டர் எண் கேட்பது மாறாது.
சோதித்தது: நீளம் மட்டும்.
```

கடைசி வரியைப் படிப்பவருக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று உடனே தெரியும்.

என் தேர்வு கிட்டின் பக்கம்தான். தேடுவதற்கான கருவி அங்கே ஆயத்தமாக இருக்கிறது. பதிவகத்தில் அதை நாமே எழுத வேண்டும். ஆனால் திருத்துவோரில் பாதிப்பேர் நிரலர் அல்லாத குழுவில் இரண்டையும் இணைப்பதே சரி. கிட்டில் மறுபார்வை முடிந்து இணைந்ததும், தானியங்கி ஒன்று அந்த உரையைக் கமிட் ஹாஷோடு பதிவகத்தில் புதிய பதிப்பாக ஏற்றட்டும். `production` சீட்டை அந்தத் தானியங்கி மட்டுமே நகர்த்தட்டும். நிரலர் அல்லாதவர்கள் `draft` என்ற தனிச் சீட்டில் எழுதிச் சோதித்து, பின் மறுபார்வைக்கு அனுப்பட்டும். இதனால் அவசரத் திருத்தம் சில மணி நேரம் தாமதமாகும். அவசரத்துக்குச் சீட்டைப் பழைய பதிப்புக்கு நகர்த்தும் உரிமையைப் பொறுப்பாளர் ஒருவருக்குத் தரலாம். புதிய வரியை எழுதும் உரிமையை அந்த வழியாக யாருக்கும் தரக் கூடாது.