ஆன்டெனாவே இல்லை, மீட்டரில் 1.2: முப்பது மீட்டர் மெல்லிய கேபிளில் நான் ஏமாந்த கதை

போன ஆண்டு மொட்டைமாடியில் என் ஹாம் ரேடியோவுக்காக, 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் 2 மீட்டர், 435 பக்கம் இருக்கும் 70 சென்டிமீட்டர் இரண்டு பேண்டுக்குமான ஆன்டெனா ஒன்றை நிறுத்தினேன். ரேடியோ கீழ்த்தளத்தில். மாடியிலிருந்து சுவரோரமாக இறக்கி, ஜன்னல் வழியாக மேசைக்குக் கொண்டுவர 30 மீட்டர் கேபிள் தேவைப்பட்டது. கடைக்காரரிடம் நீளத்தையும் பேண்டையும் தெளிவாகச் சொன்னேன். அவர் கொடுத்தது சுண்டுவிரலைவிட மெலிசான ஆர்.ஜி. 58, அதாவது 5 மில்லிமீட்டர் கேபிள். இரண்டு முனையிலும் யு.எச்.எஃப். கனெக்டர் என்று அழைக்கப்படும் பி.எல். 259. ஆன்டெனாவின் அடியில் இருந்தது ‘N’ எழுத்தைப் பெயராகக் கொண்ட என் டைப் சாக்கெட், அதற்கு ஓர் அடாப்டர்.

“இவ்வளவு தூரத்துக்கு மெலிசு போதுமா அண்ணே?” என்று கேட்டேன். “சார், கனெக்டர் பேரே யு.எச்.எஃப்., அப்புறம் யு.எச்.எஃப்.புக்கு என்ன குறை?” என்றார். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பெயர் 1930களில் வைத்தது. 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினாலே ரொம்ப உயர்ந்த அலைவரிசை என்று நினைத்த காலம் அது. இன்று நாம் பேசும் 435 மெகாஹெர்ட்ஸுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

மாட்டிவிட்டு மீட்டரைக் காட்டினார்கள். போன அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று சொல்வது எஸ்.டபிள்யூ.ஆர்., 1ஐ நெருங்க நெருங்க நல்லது. 435இல் அது 1.2. “பாருங்க சார், சூப்பர்!” பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆனால் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பருக்கு 70 சென்டிமீட்டரில் என் குரல் இரைச்சலுக்குள் முங்கி முங்கித்தான் கேட்டது. ரேடியோவோ 25 வாட். ஒரு நாள் எரிச்சலில் கையடக்க ரேடியோவை மாடிக்கு எடுத்துப் போய், ஒரு மீட்டர் துண்டுக் கேபிளில் அதே ஆன்டெனாவோடு இணைத்துக் கூப்பிட்டேன். அது 5 வாட் பெட்டி. “இப்ப என்ன பண்ணீங்க? ரொம்பத் தெளிவா வருதே!” என்றார் நண்பர். 25 வாட்டை 5 வாட் ஜெயிக்கிறது என்றால் மீதி வழியில்தானே போயிருக்க வேண்டும்?

கடைக்குப் போன் போட்டேன். “என் டைப் போட்டுடலாம் சார், எல்லாம் சரியாயிடும்” என்று ஆளை அனுப்பினார்கள். அதற்குத் தனிப் பணம். கேபிள் மட்டும் அதேதான். வந்த தம்பி மேல்முனையில் அடாப்டரை எடுத்துவிட்டு என் டைப் மாட்டினார். ஒரு முன்னேற்றமும் இல்லை.

அதன் பிறகுதான் ஒரு நண்பரிடம் நானோ வி.என்.ஏ. என்ற சின்ன அளவீட்டுக் கருவியை இரவல் வாங்கினேன். ஆன்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றி, மேல்முனையைக் காற்றில் தொங்கவிட்டு, கீழ்முனையைக் கருவியில் இணைத்தேன். (இதை ரேடியோவை அழுத்திச் சோதிக்காதீர்கள், சுமையில்லாத கேபிளுக்கு 25 வாட் அனுப்பினால் ரேடியோவுக்கு ஆபத்து.) மேலே எதுவுமே இல்லாததால், போன அலை முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். எகிற வேண்டும். திரையில் நின்றதோ அதே 1.2.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஞ்சு மூட்டை அடுக்கிய குடோனில் கத்தினால் எதிரொலி வராது, அதை வைத்து எதிர்ச்சுவரே இல்லை என்று சொல்ல முடியுமா? மேலே போகும்போது பாதிக்கு மேல் கேபிளே தின்றுவிடுகிறது. திரும்பி வரும் மிச்சத்தையும் இன்னொரு முறை தின்கிறது. மீட்டருக்கு எட்டுவது சொற்பம், அதனால் அது ‘நல்லது’ என்கிறது. கேபிள் எவ்வளவு மோசமோ அவ்வளவு அழகாக எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும்.

இதே சோதனையில் இழப்பின் அளவும் கிடைத்துவிடும். திரையில் `S11 LOGMAG` வைத்துப் பாருங்கள். அலை போய்த் திரும்பிய இழப்பு அது, பாதியாக்கினால் ஒருவழி இழப்பு. கோடு மேலும் கீழும் ஆடினால் நடுவை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு 435இல் -21 டெசிபெல் வந்தது, ஒருவழிக்குப் பத்தரை. 25 வாட்டில் ஆன்டெனாவை எட்டியது சுமார் 2.2 வாட். 145இல் -12, அதாவது ஒருவழிக்கு 6 டெசிபெல். அங்கே சுமார் 6 வாட் போய்ச் சேர்ந்தது. கேட்கும்போதும் இதே இழப்புதான், தூரத்து சிக்னல் ரேடியோவுக்கு வரும் முன்பே கரைந்துவிடும்.

புதிதாகப் போட்ட என் டைப்பையும் திறந்து பார்த்தேன். அது 10 மில்லிமீட்டர் தடிக் கேபிளுக்கான கனெக்டர். மெல்லிய கேபிளின் மேல் கறுப்பு டேப்பை நாலைந்து சுற்று சுற்றித் தடிமனாக்கி உள்ளே திணித்திருந்தார்கள். பின்னல் கம்பியில் ஏழெட்டு இழைதான் கனெக்டரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடித்து லேசாக முறுக்கினால் கையோடு சுற்றியது. உறையைக் கீறினால் பின்னல் கரிபோலக் கறுத்திருந்தது. பி.எல். 259க்குள் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கிடையாது. சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருந்ததால், ஐப்பசி மழை பின்னல் வழியாகத் திரிபோல இறங்கியிருக்கிறது. முனையிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை கறுப்பு.

நியாயமாகச் சொன்னால், பி.எல். 259 திருட்டுச் சரக்கு அல்ல. 7 மெகாஹெர்ட்ஸில் பேசும் பழைய ஹாம்கள் “இருபது வருஷமா ஆர்.ஜி. 58தான், ஒண்ணும் ஆகல” என்பார்கள், அவர்கள் சொல்வது உண்மை. அங்கே இதே 30 மீட்டரில் போவது ஒன்று, ஒன்றேகால் டெசிபெல்தான். 145இல்கூட நன்றாகச் சால்டர் வைத்த ஒரு பி.எல். 259 தின்பது அற்பம். 435இல், கேபிள் முழுக்க இருக்கும் 50 ஓம் ஒழுங்கு அதற்குள் குலைகிறது, அதனால் அங்கே என் டைப் மேல். மழையில் நிற்கும் முனைக்கு எந்தப் பேண்டானாலும் நான் என் டைப்தான் போடுவேன், அதில் ரப்பர் வளையம் உண்டு. ஆனால் கேபிள் தின்னும் பத்து டெசிபெல்லைக் கனெக்டர் மாற்றி மீட்கலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் பையில் கை வைக்கிறார் என்று அர்த்தம்.

கடைசியில் எல்.எம்.ஆர். 400 ரகத் தடிக் கேபிள் வாங்கினேன். 30 மீட்டருக்கு 435இல் 2.7 டெசிபெல், 145இல் ஒன்றரை. இப்போது 70 சென்டிமீட்டரில் 12 வாட்டுக்கு மேல் மாடிக்குப் போகிறது. மேலே அந்தத் தடிமனுக்கே உரிய என் டைப், அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். இந்தக் கேபிள் விறைப்பாக இருக்கும், நேராக ரேடியோவில் மாட்டினால் சாக்கெட்டையே இழுத்துவிடும். அதனால் மேசைக்கருகில் முடித்து, கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் மெல்லிய துண்டு போட்டிருக்கிறேன். அதில் போவது மூன்றில் ஒரு டெசிபெல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் பில்லை எடுக்கச் சொன்னார். அதில் ‘ஆன்டெனா வயர் 30 மீ’ என்று மட்டும் எழுதியிருந்தது. ரகமும் இல்லை, எந்தப் பேண்டுக்கு என்றும் இல்லை. என் வாய் அடைத்துவிட்டது. நீங்கள் வாங்கும்போது கேபிளின் மேல் அச்சிட்ட ரகப் பெயரை அப்படியே பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும், மேல்முனையைக் கழற்றிவிட்டு, ரேடியோவை அழுத்தாமல் நானோ வி.என்.ஏ.யில் எஸ்.டபிள்யூ.ஆரைக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய கேபிளில் கறுத்த ஒன்றரை மீட்டரை வெட்டிப் போட்டுவிட்டேன். மிச்சம் இப்போது 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு ஓடுகிறது.