வரிக்கு வரியா, குறிப்பெடுத்தா? மாணவர் விடையை எழுத்து நடைக்கு மாற்றும் இரண்டு வழிகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். பயிற்சிக் கட்டுரைகளில் நல்லவற்றை மாதிரி விடையாகத் தொகுக்கும்போது, பேச்சு நடையை எழுத்து நடைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். விஷயம் பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும், நடை மட்டும் மாற வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. விடையிலிருந்து கருத்துகளைக் குறிப்பாக எடுத்து, தாளை மூடிவிட்டுப் புதிதாக எழுதுவது ஒன்று. தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றுவது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, வரிக்கு வரி பக்கம்தான் நிற்கிறேன்.

குறிப்பெடுத்து எழுதுவது வேகமானது, படிக்கவும் சுகமாக இருக்கும். வரிக்கு வரி மாற்றினால் கொஞ்சம் விறைப்பாகத்தான் வரும். அதில் சந்தேகமில்லை. ஆனால் கருத்து மாறவில்லை என்று எப்படி உறுதிப்படுத்துவது? என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. கங்காணி முறை பற்றி ஒரு பையன் எழுதியது இது:

"கங்காணின்னா தோட்டத்துல வேலை செஞ்ச ஆளுதான். தொரை அவர ஊருக்கு அனுப்புவாரு. அவரு தெரிஞ்சவங்கள பாத்து கூட்டிட்டு வருவாரு. கப்பல் செலவெல்லாம் முதல்ல அவங்களே போட்டுருவாங்க, அப்புறம் சம்பளத்துல கழிச்சிடுவாங்க போல. ஒப்பந்தக் கூலி முறைய 1901ல நிறுத்துனதாலதான் இது பெருசாச்சு."

இதைக் குறிப்பெடுத்து எழுதினால், விஷயம் தெரிந்த எவருக்கும் கை தானாக 1910 என்று எழுதிவிடும். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நின்றது அந்த ஆண்டில்தான். திருத்தம் சரிதான், ஆனால் அது பையனுடைய விடை இல்லை. அடுத்தது 'போல'. குறிப்பில் "செலவு – சம்பளத்தில் கழிவு" என்றுதான் இருக்கும். அதிலிருந்து எழுதும்போது "சம்பளத்தில் கழிக்கப்பட்டது" என்று உறுதியான வாக்கியம் வந்துவிடும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி வந்தபின், முதலாளிகள் கட்டிய தொகையிலிருந்தே பயணச் செலவு போனது. ஆகவே பையனின் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அவன் சொல்லாத ஒன்றை அவன் வாயில் போடுகிறோம். 'அவங்களே' என்பது யார்? கங்காணியா, தோட்டமா? தாளை மூடிவிட்டு எழுதுகிறவர் "தோட்ட நிர்வாகம்" என்று நிரப்பிவிடுவார்.

வரிக்கு வரி மாற்றியது இப்படி வந்தது:

"தோட்டத்தில் வேலை செய்தவரே கங்காணி ஆவார். துரை அவரை ஊருக்கு அனுப்புவார். அவர் தமக்குத் தெரிந்தவர்களாகப் பார்த்து அழைத்து வருவார். கப்பல் செலவு முதலியவற்றை முதலில் அவர்களே செலுத்துவர், பின்னர் சம்பளத்தில் கழித்துக்கொள்வர் எனத் தெரிகிறது. ஒப்பந்தக் கூலி முறை 1901இல் நிறுத்தப்பட்டதாலேயே இம்முறை பெரிதாக வளர்ந்தது."

ஐந்து வரிக்கு ஐந்து வரி. 'செலவெல்லாம்' என்பதை 'செலவு முழுவதும்' ஆக்கவில்லை, பையன் இன்ன பிற என்ற பொருளில்தான் சொன்னான். 'தான்' ஏகாரமாக நின்றது. அதை விட்டிருந்தால், ஒரே காரணம் என்ற அவன் வாதம் பல காரணங்களில் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். 1901 அப்படியே இருக்கிறது, பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஆண்டு தவறு என்பதைப் பையனிடம் தனியாகச் சொல்லலாம், அது வேறு வேலை.

சரிபார்ப்பும் சுலபம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வினைமுற்றை மட்டும் பாருங்கள். 'போல', 'நினைக்கிறேன்', 'இருக்கலாம்' என்று முடிந்த வரி ஏதாவது மாற்றிய தாளில் 'ஆகும்', 'செய்தது' என்று திட்டமாக முடிந்திருந்தால் அங்கே கருத்து நழுவிவிட்டது. 'பட்டது' என்ற முடிவு வந்த இடத்திலும் நில்லுங்கள். மூலத்தில் செய்தவர் யார் என்று இருந்ததா, நாம் மறைத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். 'நிறுத்துனதால' என்பதில் ஆள் இல்லை, அதனால் 'நிறுத்தப்பட்டதாலேயே' குற்றமில்லை. குறிப்பெடுத்து எழுதியதை இப்படிச் சோதிக்க வழியில்லை, வரிகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

ஒரு இடத்தில் குறிப்பு வழிக்கு நான் விட்டுக்கொடுப்பேன். காரணத்தைக் கடைசியில் சொல்லி, நடுவில் "ஆங், இன்னொன்னு மறந்துட்டேன்" என்று திரும்பி வரும் விடைகள் உண்டு. அவற்றை வரிக்கு வரி மாற்றினால் தாறுமாறாகவே இருக்கும். அப்போது முதலில் வரிகளுக்கு எண் போட்டு, வரிசையை மட்டும் மாற்றிவிட்டு, அப்புறம் நடையைத் தொடுகிறேன். எண் விடுபட்டால் உடனே தெரிந்துவிடும். அறிவியல் விடைகளில் இதெல்லாம் எப்படிப் பலிக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், அதிகம் செய்ததில்லை.