"அந்தப் பழைய சர்வீஸெல்லாம் கணக்குல வராது சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள்: என் ஓய்வூதியத்தில் மாதம் 2,000 ரூபாய் போன கதை

2019 மே 31-இல் ஓய்வு பெற்றேன். தமிழ்நாடு அரசில் ஒரு பொறியியல் துறையின் கோட்ட அலுவலகம். அதற்கு ஆறேழு மாதம் முன்பே பிரிவு எழுத்தர் ஓய்வூதியக் கருத்துருவைக் கொண்டுவந்து, "சார், பென்சில்ல டிக் பண்ணின இடத்துல எல்லாம் ஒரு கையெழுத்து" என்றார். போட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. இத்தனை வருடம் ஒன்றாக வேலை பார்த்த அலுவலகம், என் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

2022-இல் ஓய்வூதியர் நேர்காணலுக்காகக் கருவூலம் போனபோது பழைய சகா ஒருவரைப் பார்த்தேன். நானும் அவரும் ஒரே ஆணையில், ஒரே நாளில் நிரந்தரம் ஆனவர்கள். அவருக்கு முழு ஓய்வூதியம். எனக்கு இல்லை. என் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வை வாங்கிப் பார்த்தவர், "உங்களுக்கு என்.எம்.ஆர். காலத்தைச் சேர்க்கவே இல்லையே" என்றார்.

விஷயம் இதுதான். நான் 1-3-1985 முதல் 31-8-1991 வரை என்.எம்.ஆர். தினக்கூலியாக அதே அலுவலகத்தில் முழுநேர எழுத்து வேலை பார்த்தேன். 1-9-1991-இல் இடைவெளியில்லாமல் பணிவரன்முறை செய்யப்பட்டு நிரந்தரம் ஆனேன். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இல் விதி 11 என்று ஒன்று இருக்கிறது. தினக்கூலி, தொகுப்பூதியம், மதிப்பூதியம் ஆகியவற்றில் முழுநேரமாகப் பார்த்த பணி, பின்னர் நிரந்தரப் பணியில் முடிந்தால், அதில் பாதியை ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்க வேண்டும். என் ஆறரை வருடத்தில் பாதி, 3 வருடம் 3 மாதம்.

கணக்கு எளிதில் புரிவதற்காகக் கடைசி அடிப்படைச் சம்பளத்தை 60,000 என்று முழு எண்ணாக வைத்துச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் 30 வருடம் தகுதியுள்ள பணி இருந்தால் முழு ஓய்வூதியம், அதாவது சம்பளத்தில் பாதி. பணிக்காலத்தை அரையாண்டுகளாக எண்ணுவார்கள்; 30 வருடம் என்பது 60 அரையாண்டு. மிச்சமாக நிற்பது மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் ஓர் அரையாண்டு. என் நிரந்தரப் பணி 27 வருடம் 9 மாதம், அதாவது 56 அரையாண்டு. 30,000-ஐ 56-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 28,000. எனக்கு நிர்ணயித்தது அந்தக் கணக்கில்தான். விட்டுப்போன 3 வருடம் 3 மாதத்தைச் சேர்த்தால் சரியாக 31 வருடம். ஓய்வூதியம் 30,000 ஆகிவிடும். மாதம் 2,000 வித்தியாசம், அதன் மேல் அகவிலைப்படி வேறு.

பணிக்கொடையிலும் அடி விழுந்திருந்தது. ஒவ்வொரு அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம், அகவிலைப்படியோடு சேர்த்து. ஓய்வூதியம் 60 அரையாண்டோடு நின்றுவிடும். பணிக்கொடை அப்படியில்லை, 66 வரை போகும். எனக்கு 62-க்கு வர வேண்டியது 56-க்கு வந்தது. ஆறு அரையாண்டு என்றால் ஒன்றரை மாதச் சம்பளம். அப்போதைய 12 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே.

ஆத்திரத்தில் உடனே ஒரு மனு எழுதினேன். இரண்டு பக்கம். எத்தனை வருடம் உழைத்தேன், வெள்ள நேரத்தில் இரவெல்லாம் அலுவலகத்தில் இருந்தேன் என்றெல்லாம் எழுதியிருந்தேன். இணைப்பு என்று ஒரு தாள் கூட வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: "தினக்கூலிப் பணி குறித்துப் பணிப்பதிவேட்டில் பதிவு ஏதும் இல்லாததால் கோரிக்கை ஏற்க இயலவில்லை." நேரில் போனேன். "அந்தப் பழைய சர்வீஸெல்லாம் கணக்குல வராது சார், வீணா அலையாதீங்க" என்றார் பிரிவில் இருந்தவர். பதிவேட்டை எடுத்துக் காட்டச் சொன்னேன். ரெக்கார்டு ரூமில் இருக்கிறது, தேட ஆளில்லை என்றார்.

அந்த இடத்தில்தான் எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். நானும் நாலு மாதம் சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி இரண்டே இரண்டு கேட்டேன். ஒன்று, என் பணிப்பதிவேட்டின் எல்லாப் பக்கங்களின் சான்றிட்ட நகல். இரண்டு, மாநிலக் கணக்காயருக்கு என் பெயரில் அனுப்பிய ஓய்வூதியக் கருத்துருவின் நகல். "ஏன் சேர்க்கவில்லை" என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். இருக்கிற ஆவணத்தைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி வாங்கினேன்.

கட்டைப் பிரித்தபோது கை நடுங்கியது. பதிவேட்டின் மூன்றாவது பக்கத்திலேயே இருக்கிறது. 1991-இல் செயற்பொறியாளர் கையெழுத்தோடு, அலுவலக முத்திரையோடு, "1-3-1985 முதல் 31-8-1991 முடிய என்.எம்.ஆர். ஆகத் தொடர்ந்து பணிபுரிந்தார்" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் பதிவேட்டைத் திறந்தே பார்க்கவில்லை. கருத்துருவில் நிரந்தரம் ஆவதற்கு முந்தைய பணி என்ற இடத்தில் "இல்லை" என்று தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே என் கையெழுத்து. கணக்காயர் அலுவலகம், அலுவலகத் தலைவர் சான்றளித்து அனுப்பியதை வைத்துத்தான் நிர்ணயிக்கும். பிழை தொடங்கிய இடம் என் அலுவலகம்.

இரண்டாவது மனு ஒரே பக்கம். முதல் பத்தியில் பணிக்காலம் தேதி வாரியாக, அடுத்ததில் விதி 11, அதற்கடுத்து 56 அரையாண்டுக்கும் 62 அரையாண்டுக்கும் உள்ள வித்தியாசம். கடைசியில் கோரிக்கை: தகுதியுள்ள பணிக்காலத்தைத் திருத்தி, திருத்திய கருத்துருவைக் கணக்காயருக்கு அனுப்ப வேண்டும். இணைப்பாகப் பதிவேட்டின் அந்தப் பக்கம், பணிவரன்முறை ஆணை, அந்த ஆணையின் பட்டியலில் நான் முதலில் வேலைக்கு வந்த தேதி இருக்கிற தாள், ஒரே ஆணையில் வந்த சகாவுக்குச் சேர்த்துக் கொடுத்த உத்தரவின் நகல் (அவர் மனமுவந்து கொடுத்தார்). அலுவலகத் தலைவருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், துறைத் தலைவருக்கு நகல். இந்த முறை யாரும் அலைய வைக்கவில்லை. 2023 டிசம்பர் முடிய 55 மாத நிலுவை, மேலே சொன்ன முழு எண் கணக்கில் அகவிலைப்படி நீங்கலாகவே 1,10,000, வங்கியில் வந்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. பகுதிநேர வேலை பார்த்தவர்களுக்கு இந்த விதி இல்லை. 1-4-2003 அன்றோ அதற்குப் பிறகோ நிரந்தரம் ஆனவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் போய்விட்டார்கள். அவர்கள் நிலை வேறு. நிரந்தரப் பணியே 33 வருடம் இருப்பவருக்கு இதனால் கூடுவது எதுவுமில்லை. மற்றவர்கள் தள்ளிப்போட வேண்டாம். ஓய்வூதியக் குறைவு மாதா மாதம் தொடரும் தவறு என்பதால் தாமதமாகப் போனாலும் நீதிமன்றம் கேட்கும். ஆனால் நிலுவையைப் பொதுவாக வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் தரும். 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது.

எங்கள் 1991 ஆணையில் இன்னொருவர் இருந்தார். அவருக்கும் இதே "இல்லை"தான் போட்டிருக்கிறார்கள். 2021-இல் இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் பொதுவாகப் பணிக்காலத்தை வைத்து மாறாது, அதனால் அவர் மனைவிக்கு இப்படி ஒரு குறை இருப்பதே தெரியவில்லை. ஆனால் பணிக்கொடை வித்தியாசமும், அவர் உயிரோடு இருந்த மாதங்களின் நிலுவையும் அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியவை. போன வாரம் அவர் வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டு நகல் கேட்கும் விண்ணப்பத்தை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் முழுதாக ஒரு தடவை படித்துக் காட்டினேன்.